மேலிருந்து பார்த்தால் குடை, பக்கவாட்டில் குழப்பம்: படத்தை வைத்து இந்தப் பூங்கொத்தை எப்படிப் படிப்பது?

வேலியோரம்

வணக்கம். ஆளுயரத்துக்குச் சற்றுக் கூடுதலாக வளர்ந்த ஒரு புதரின் படங்கள் மூன்றை இணைத்திருக்கிறேன். முதல் படம் பூங்கொத்தை நேர் மேலிருந்து எடுத்தது. வெள்ளையோடு இளம்பச்சை கலந்த மிகச் சிறிய பூக்கள் உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையாகப் பரந்திருக்கின்றன. இரண்டாவது படம் அதே கொத்தின் பக்கவாட்டுத் தோற்றம். மூன்றாவது படத்தில் இலைகள் இருக்கின்றன. முட்டை வடிவத் தனி இலைகள், தண்டில் எதிரெதிராக அமைந்தவை.

கொத்து குடை விரித்தாற்போல இருந்ததால் அம்பெல் என்று முடிவுகட்டி, கொத்தமல்லிக் குடும்பத்தில் தேடினேன். பூ ஓரளவு ஒத்துப்போகிறது, இலை எதனோடும் ஒத்துப்போகவில்லை. செடியின் பெயரைச் சொன்னால் மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு படத்தில் எதைப் பார்த்து ரெசீம், அம்பெல், சைம் என்று பிரிப்பது என்பதுதான் எனக்கு முதலில் தெரிய வேண்டும்.

பச்சைக்குறிப்பு

இதில் குழப்பமே இல்லை. கீழிருந்து மேலாகப் பூத்தால் ரெசீம். காம்புகள் ஒரே புள்ளியிலிருந்து கிளம்பினால் அம்பெல். நடுப்பூ முதலில் மலர்ந்தால் சைம். உங்கள் முதல் படத்தில் நடுவிலும் பூ விரிந்திருக்கிறது, ஓரத்திலும் விரிந்திருக்கிறது. நடு முதலில் என்ற கணக்கு இங்கே இல்லை, ஆகவே சைம் இல்லை. தட்டையாக வேறு இருக்கிறது. அம்பெல்தான். மூன்றாவது படத்தில் இருப்பது பக்கத்துச் செடியின் இலையாக இருக்கும், மறுபடி போய்ப் பாருங்கள்.

லென்ஸ்மூடி

இரண்டாவது படம் தெளிவாக இல்லாததற்குக் காரணம், கேமரா பின்னால் இருக்கும் கிளையைக் குவித்துக்கொண்டதுதான். கைபேசியில் திரையைத் தொட்டுக் குவியத்தைப் பூவின்மேல் நிறுத்துங்கள். பின்னணி இருட்டாக இருந்தால் வெள்ளைப் பூ இன்னும் எடுப்பாகத் தெரியும். காலை வெயிலில் எடுத்தால் நிறமும் சரியாக வரும். முதல் படம் மிக அழகாக வந்திருக்கிறது.

வேலியோரம்

நன்றி. ஆனால் நான் கேட்டது படம் எடுப்பதைப் பற்றி அல்ல, எடுத்த படத்தைப் படிப்பதைப் பற்றி. பச்சைக்குறிப்பு அவர்களுக்கு: இலை அதே கிளையில்தான் இருக்கிறது. இரண்டாவது படத்தின் கீழ் ஓரத்தில் பூந்தண்டுக்கு அடியிலேயே இரண்டு இலைகள் தெரிகின்றன.

கணுவிலை

அழகாக வந்திருக்கும் முதல் படத்தை ஒதுக்கிவையுங்கள். மேலிருந்து எடுத்த படம் பூவின் நிறத்தையும் இதழ்களின் எண்ணிக்கையையும் சொல்லும். கொத்தின் கட்டமைப்பைச் சொல்லாது. அம்பெல், தட்டையான சைம், கடுகின் உச்சியில் இருப்பது போன்ற சுருங்கிய ரெசீம் ஆகிய மூன்றும் மேலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். பூக்கள் ஒரே மட்டத்துக்கு வந்து நிற்கின்றன என்பதைத் தவிர வேறொன்றும் அதில் இல்லை. எந்த வழியாக அந்த மட்டத்துக்கு வந்தன என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மங்கலாக இருந்தாலும் உங்கள் இரண்டாவது படம்தான் எனக்கு உதவியது. அதைப் பெரிதாக்கி, ஏதாவது ஒரு பூவைத் தேர்ந்துகொண்டு, அதன் காம்பைப் பிடித்தபடி கீழே இறங்குங்கள். அம்பெலாக இருந்தால் எந்தப் பூவில் தொடங்கினாலும் குடைக்கம்பிகள் கூடுவது போல எல்லாக் காம்புகளும் ஒரே முடிச்சில் போய்ச் சேர வேண்டும். கூட்டு அம்பெலாக இருந்தால் இது இரண்டு முறை நடக்கும். சிறு குடைகளின் காம்புகள் எல்லாம் மறுபடி ஒரு முடிச்சில் சேரும். உங்கள் படத்தில் அப்படி நடக்கவில்லை. ஒரு பூக்காம்பு இன்னொன்றோடு சேர்கிறது, அந்தச் சோடி சற்றுக் கீழே இன்னொரு சோடியோடு சேர்கிறது, இப்படியே படிப்படியாக இறங்கி, கடைசியில் எதிரெதிரான கிளைகளாகத் தடித்த தண்டில் முடிகிறது. சேரும் இடங்கள் பல உயரங்களில் இருக்கின்றன. இது ஒன்றே அம்பெலை விலக்கப் போதும்.

இப்போது மேல்மட்டக் கவை ஒன்றைப் பாருங்கள். படத்தின் வலப்பக்கம், இரண்டு சிறு காம்புகள் பிரியும் இடத்தின் நட்டநடுவில், மிகக் குட்டையான காம்பில் பச்சை மணி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதன் இருபுறமும் விரிந்த பூக்கள். அவற்றுக்கும் வெளியே மொட்டுகள். அந்தப் பச்சை மணி ஒரு பிஞ்சு. அதாவது கவையில் இருந்த பூ எல்லோருக்கும் முன்னால் மலர்ந்து, இதழ் உதிர்த்து, காய்க்கத் தொடங்கிவிட்டது. தண்டின் நுனி அந்தப் பூவிலேயே முடிந்துபோனதால், வளர்ச்சி அதன் இருபுறமும் ஒதுங்கிப் போயிருக்கிறது. இதுதான் சைம்.

பச்சைக்குறிப்பு

அப்படியானால் கொத்தின் நடுவில் மட்டும் காய்களும் சுற்றிலும் பூக்களுமாக அல்லவா முதல் படத்தில் தெரிய வேண்டும்? நடுப்பூ முதலில் என்பதுதானே சைமின் இலக்கணம்?

கணுவிலை

நடு என்பது எதன் நடு என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மூன்றே பூக்கள் உள்ள எளிய சைமில் நடுப்பூ ஒன்றுதான், சந்தேகத்துக்கு இடமில்லை. இங்கே இருப்பதோ நூற்றுக்கணக்கான பூக்கள் உள்ள கூட்டுச் சைம். ஒவ்வொரு கவைக்கும் தனித்தனி நடு உண்டு. ஆகவே முதிர்ந்த பூக்கள் கொத்தின் மையத்தில் திரண்டு நிற்காது. கொத்து முழுவதும் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும். முதல் படத்தில் நடுவிலும் ஓரத்திலும் பூ விரிந்திருப்பதாகச் சொன்னீர்களே, அந்தக் கவனிப்பு சரிதான். அதிலிருந்து வர வேண்டிய முடிவு நீங்கள் சொன்னதற்கு நேர் எதிரானது. கொத்தமல்லியின் அம்பெலாக இருந்தால் விளிம்பு முந்தியிருக்கும், மையத்தில் மொட்டுகள் மிஞ்சியிருக்கும். முதிர்ந்ததும் இளசும் இப்படிக் கொத்து முழுவதும் விரவிக் கிடந்தாலே சைமாக இருக்குமோ என்று சந்தேகப்பட வேண்டும். பிறகு பக்கவாட்டில் கவையைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

இன்னொன்று. கீழிருந்து மேலாகப் பூப்பது ரெசீம் என்று எழுதியிருக்கிறீர்கள். படத்தை வைத்துப் பேசும்போது அடியிலிருந்து நுனிக்கு என்று சொல்லிப் பழகுவது நல்லது. சரக்கொன்றையின் சரத்தைப் படம் எடுத்தால் விரிந்த மஞ்சள் பூக்கள் மேலேயும் மொட்டுகள் கீழேயும் இருக்கும். சரம் தொங்குவதால் அதன் அடி மேலே இருக்கிறது, நுனி தரையைப் பார்க்கிறது. அது அசல் ரெசீம். மேல் கீழ் என்று பார்க்கிறவர் அதைத் தலைகீழாகப் படித்துவிடுவார். சரம் கிளையோடு ஒட்டும் இடம் படத்தில் எங்கே இருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

தாழைமடல்

என்னிடமும் ஒரு படம் இருக்கிறது. தனி இழை தொடங்க வேண்டாம் என்று இங்கேயே கேட்கிறேன். முழங்கால் உயரச் செடி, சொரசொரப்பான இலை, உச்சியில் வாலைப்போல் சுருண்ட தண்டு. அதன் மேற்புறத்தில் மட்டும் இரண்டு வரிசையாக வெளிர் ஊதாப் பூக்கள். அடியில் காய், நடுவில் பூ, சுருளுக்குள் மொட்டு. நீங்கள் சொல்லும் அடியிலிருந்து நுனிக்கு என்ற முறை அப்படியே பொருந்துகிறது. ரெசீம் என்று குறித்து வைத்திருக்கிறேன். காம்பே இல்லாததால் கதிர் என்று சொல்ல வேண்டுமோ என்பதுதான் என் சந்தேகம்.

கணுவிலை

அம்மா, நீங்கள் சொல்வதைக் கேட்டால் தேள்கொடுக்குச் செடி போலத் தெரிகிறது. ஹீலியோட்ரோபியம் இண்டிகம். பூக்கும் வரிசையை மட்டும் நம்பினால் இந்தச் செடி எல்லோரையும் ஏமாற்றிவிடும். அந்த வால் ரெசீமும் அல்ல, கதிரும் அல்ல, சைம்தான்.

நடப்பது இதுதான். முதல் தண்டு ஒரு பூவோடு முடிகிறது. அதன் பக்கத்திலிருந்து ஒரு கிளை புறப்பட்டு, அதுவும் ஒரு பூவோடு முடிகிறது. அதிலிருந்து இன்னொன்று. இந்தக் குட்டிக் கிளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வரிசையாக நின்று ஒரே தண்டுபோலத் தோற்றம் காட்டுகின்றன. முதலில் தோன்றியது அடியில் இருப்பதால் காயும் அடியில் இருக்கிறது. வரிசை மட்டும் பார்த்தால் ரெசீமிலிருந்து இதைப் பிரிக்க முடியாது.

படத்தில் பிரித்துக் காட்டும் அடையாளம் சுருளும் ஒருபக்க வரிசையும்தான். ரெசீமில் பூக்கள் தண்டைச் சுற்றிலும் இருப்பதுதான் வழக்கம். சில செடிகளில் எல்லாப் பூக்களும் வெளிச்சத்தை நோக்கி ஒரே பக்கமாகத் திரும்பி நிற்கும். அங்கேயும் காம்பின் அடியைப் பார்த்தால் அவை தண்டின் பல பக்கங்களிலிருந்து கிளம்பியிருப்பது தெரியும். உங்கள் செடியில் பூக்கள் ஒட்டியிருக்கும் இடங்களே தண்டின் ஒரு பக்கத்தில்தான் இருக்கின்றன. நுனியும் உள்நோக்கிச் சுருண்டிருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் சைம் என்று எடுத்துக்கொண்டு ஹீலியோட்ரோபியத்தின் உறவுகளில் தேடுங்கள்.

பூவடிச் செதிலும் பெரிய உதவி செய்யும், அது இருக்கிற செடிகளில். ரெசீமில் ஒவ்வொரு பூக்காம்பும் ஒரு செதிலின் கக்கத்திலிருந்து கிளம்பும். இதுபோன்ற வால் சைமில் செதில் இருந்தால் பூவுக்கு அடியில் இருக்காது. எதிர்ப்பக்கம் அல்லது சற்று விலகி நிற்கும். தேள்கொடுக்கில் செதிலே இல்லாததால் அந்த வழி உங்களுக்கு அடைபட்டுவிட்டது.

தாழைமடல்

தேள்கொடுக்குதான். இலையையும் காயையும் ஒப்பிட்டுப் பார்த்தேன், காய் இரண்டாகப் பிளந்த வடிவில் இருக்கிறது. நன்றி. ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. சுருள் முழுவதும் விரிந்து, நுனி நேராகிவிட்ட பழைய தண்டின் படம் மட்டும் கையில் இருந்தால்?

கணுவிலை

இரட்டை வரிசையும் ஒருபக்க அமைப்பும் அப்போதும் தெரியும். படம் அதையும் காட்டவில்லை என்றால் மஞ்சரியை விட்டுவிட்டு இலைக்கும் காய்க்கும் போவதுதான் நல்லது.

உலர்தாள்

அம்பெலைப் பற்றி ஒரு மறுப்பு. விளிம்பு முந்தும், மையம் பிந்தும் என்று கணுவிலை எழுதியது கொத்தமல்லிக் குடும்பத்துக்குச் சரி. வெங்காயத்தின் பூவுருண்டையைப் பாருங்கள். காம்புகள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன, எந்த நூலை எடுத்தாலும் அம்பெல் என்றே எழுதியிருக்கும். ஆனால் பூக்கும் வரிசையில் ஒழுங்கே இல்லை. உருண்டையின் எல்லாப் பக்கமும் பூவும் மொட்டும் கலந்திருக்கும். பல சைம்கள் சுருங்கி, அவற்றின் கிளைகள் மறைந்துபோய், குடைபோல ஆனது அது. முதிர்ந்ததும் இளசும் விரவியிருந்தால் சைம் என்ற விதியை ஒருவர் வெங்காயத்தில் போட்டால் சைம் என்றுதான் விடை வரும். அதை வைத்துக்கொண்டு நூலின் திறவுகோலில் நுழைந்தால் தவறான வாசலில் நிற்பார்.

கணுவிலை

சரியான மறுப்பு. அதனால்தான் முதலில் காம்புகள் சேரும் இடத்தையும் பிறகு பூக்கும் வரிசையையும் பார்க்கச் சொல்கிறேன். தாவரத் திறவுகோல்கள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் வடிவத்தைத்தான் கேட்கின்றன, வளர்ச்சி வரலாற்றைக் கேட்பதில்லை. வெங்காயத்தை அம்பெல் என்று எடுத்துக்கொண்டால் சேர வேண்டிய இடத்துக்குச் சேரலாம்.

உலர்தாள்

எருக்குக்கு என்ன சொல்வீர்கள்? ஒரு நூல் அம்பெல் போன்ற சைம் என்கிறது, இன்னொன்று வெறும் சைம் என்கிறது. படத்தை மட்டும் பார்க்கிறவர் அம்பெல் என்றுதான் சொல்வார்.

கணுவிலை

எருக்கில் இரண்டு சொற்களையும் தேடிப் பார்க்கிறவர் பிழைத்துக்கொள்வார். பால் வடியும் எதிரிலையும் மெழுகு பூசியதுபோன்ற ஐந்திதழ்ப் பூவும் இருக்கும்போது, அந்தச் செடிக்கு மஞ்சரியின் உதவியே தேவையில்லை.

உலர்தாள்

கேள்வியைத் தாண்டிப் போகிறீர்கள். இருக்கட்டும்.

வேலியோரம்

என் புதருக்குத் திரும்பலாமா? சைம் என்று ஏற்றுக்கொள்கிறேன். சேரும் இடங்களை நானும் பின்தொடர்ந்து பார்த்தேன், நீங்கள் சொன்ன பச்சை மணி இடப்பக்கக் கவைகளிலும் இருக்கிறது. ஆனால் சைம் என்பதால் எனக்கு என்ன கிடைத்தது? சைம் பூக்கும் குடும்பங்கள் ஏராளமாயிற்றே.

கணுவிலை

ஏராளம்தான். சைம் என்ற ஒற்றைச் சொல் ஒரு செடியையும் அடையாளம் காட்டாது. தவறான குடும்பத்தில் தேடிக்கொண்டிருந்த உங்களை அங்கிருந்து வெளியே கொண்டுவந்திருக்கிறது, அவ்வளவுதான். அதை மற்ற அடையாளங்களோடு சேர்த்தால்தான் வட்டம் சுருங்கும். மரத்தண்டுப் புதர், எதிரெதிரான தனி இலை, கிளை நுனியில் தட்டையான சைம், சிறிய வெள்ளைப் பூ. இந்த நான்கையும் சேர்த்தால் என் மனத்துக்கு முதலில் வருபவை இரண்டு. ஒன்று பாவட்டை, வெட்சியின் உறவு. மற்றது முன்னை, நொச்சியின் உறவு. இரண்டிலும் மஞ்சரி தட்டையான சைம் என்பதால் அது இனி உதவாது. வேறு மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது கணு. எதிரெதிரான இரண்டு இலைக்காம்புகளுக்கு நடுவே, தண்டின்மேல், சிறு முக்கோணச் செதில் இருக்கிறதா? பாவட்டையில் இருக்கும். முன்னையில் இருக்காது. முதிர்ந்த கணுவில் செதில் உதிர்ந்து கோடு மட்டும் மிஞ்சலாம், ஆகவே கிளை நுனியில் உள்ள இளங்கணுவைப் படம் எடுங்கள்.

இரண்டாவது காய். புல்லிவட்டம் காயின் அடியில் கிண்ணம்போலத் தாங்கி நிற்கிறதா, அல்லது காயின் தலையில் சிறு முடிபோல மிஞ்சியிருக்கிறதா? தலையில் இருந்தால் பாவட்டை, அடியில் இருந்தால் முன்னை. மூன்றில் இதையே நான் அதிகம் நம்புவேன். பூ எல்லாம் உதிர்ந்த பிறகும் இது படத்தில் தெரியும்.

மூன்றாவது பூவின் பக்கத்தோற்றம். பாவட்டையில் மெல்லிய நீண்ட குழலும், அதிலிருந்து குண்டூசிபோல வெகுதூரம் நீட்டிக்கொண்டிருக்கும் சூல்தண்டும் இருக்கும். தூரத்துப் படத்தில்கூடக் கொத்து முழுவதும் ஊசி குத்தியதுபோலத் தெரியும். முன்னையில் குழல் குட்டை, அதன் வாயில் வெண்மயிர், நான்கு மகரந்தத் தாள்கள். உங்கள் முதல் படத்தில் அந்த ஊசிகள் எனக்குத் தெரியவில்லை. ஆனால் மேலிருந்து எடுத்த படத்தில் ஊசி நேராக நம்மைப் பார்த்து நிற்கும், புள்ளியாகத்தான் தெரியும். அதனால் இதை வைத்து இப்போதே முடிவு சொல்ல மாட்டேன்.

லென்ஸ்மூடி சொன்ன இருண்ட பின்னணி இங்கே உதவும். கொத்துக்குப் பின்னால் கறுப்புத் துணி ஒன்றைப் பிடித்துக்கொண்டு, கவை உயரத்துக்குக் கேமராவை இறக்கி, பக்கவாட்டில் எடுங்கள். மொட்டும் பூவும் காயும் ஒன்றாக இருக்கும் கொத்தாகப் பாருங்கள்.

லென்ஸ்மூடி

துணியைப் பூவுக்கு மிக அருகில் பிடிக்காதீர்கள், நிழல் விழும். ஒரு முழம் தள்ளிப் பிடித்தால் போதும்.

பச்சைக்குறிப்பு

பாவட்டை என்றால் இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கலாம். கரும்புள்ளிகள் சிதறித் தெரியும். பாக்டீரியா தங்கும் முடிச்சுகள் அவை.

கணுவிலை

நல்ல குறிப்பு. புள்ளிகள் இருந்தால் பாவட்டைப் பக்கம் வலுவாகச் சாயலாம். பூச்சி கடித்த புள்ளியையும் நோய்ப் புள்ளியையும் மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

வேலியோரம்

புதிய படங்கள் நான்கு. கணுவில் செதில் இல்லை. கிளை நுனியிலும் பார்த்தேன். இலையை வெளிச்சத்தில் பிடித்தால் நரம்புகள் மட்டுமே தெரிகின்றன. காய் மிளகளவு உருண்டை, அடியில் பச்சைக் கிண்ணம் ஒட்டியிருக்கிறது, தலை வழவழப்பாக இருக்கிறது. சில காய்கள் கருநீலமாகத் தொடங்கியிருக்கின்றன. பூவின் வாயில் வெண்மயிர் தெரிகிறது, தாள்கள் நான்கு. ஊசி எதுவும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை. இலையைக் கசக்கினால் கடுமையான வாடை வருகிறது, படத்தில் அது வராது என்பதால் எழுதுகிறேன்.

கணுவிலை

முன்னை. பிரெம்னா பேரினம் என்பதில் எனக்கு ஐயமில்லை. நான்காவது படத்தில் கவையின் நடுவே இருக்கும் காய் கருத்திருக்கிறது, பக்கத்துக் காய்கள் இன்னும் பச்சை. பூவின் வரிசை காயிலும் அப்படியே தொடர்கிறது. பூக்காலம் முடிந்த புதரைப் படம் எடுத்தவர்களும் இதை வைத்துச் சைமைக் கண்டுகொள்ளலாம், கவையில் இருக்கும் காய் உதிராமல் இருந்தால்.

பச்சைக்குறிப்பு

இலை ஓரம் மழுமழுப்பாக இருப்பதால் பிரெம்னா செர்ராட்டிஃபோலியா என்றே எழுதிவிடலாம். பசுமுன்னை.

உலர்தாள்

இலை ஓரத்தை வைத்து எழுத வேண்டாம். அந்த இனத்தில் ஒரே புதரில் மழுமழுப்பான இலையும் நுனிப்பக்கம் பல் வெட்டிய இலையும் சேர்ந்தே இருக்கும். வேலியோரத்தின் மூன்றாவது படத்திலேயே இடது இலையில் லேசான பல் தெரிகிறது. இலையின் அடிப்புறத்து மயிரையும் புல்லிவட்டத்தின் விளிம்பு எத்தனை மடலாகப் பிரிகிறது என்பதையும் பார்க்காமல் இனப்பெயர் போடுவது அவசரம்.

பச்சைக்குறிப்பு

புதரின் உயரமும் கொத்தின் அளவும் அதற்குத்தானே பொருந்துகின்றன?

உலர்தாள்

அதற்கும் பொருந்துகின்றன, வேறு சில முன்னைகளுக்கும் பொருந்துகின்றன.

வேலியோரம்

புல்லிவட்டத்தின் விளிம்பு என் கைபேசிக்கு எட்டாத சிறிய விஷயம். பூதக்கண்ணாடியைக் கேமராவின் முன்னால் வைத்து எடுக்க முடியுமா என்று பார்க்கிறேன். அதுவரை குறிப்பேட்டில் பிரெம்னா என்று மட்டும் எழுதி, இனப்பெயரின் இடத்தை வெற்றாக விடுகிறேன்.

தாழைமடல்

வேலியோரம், இலையின் அடிப்புறத்தையும் அப்போதே எடுத்துவிடுங்கள். நடு நரம்பும் பக்க நரம்பும் பிரியும் மூலையில் மயிர் இருக்கிறதா என்று எனக்கும் பார்க்க வேண்டும். என் வேலியிலும் இதேபோல ஒன்று நிற்கிறது, ஆனால் அதில் பூ இன்னும் வரவில்லை.